உயிர் காக்கும் இன்சுலின் உயரம் கூட்டவும் போதுமா? நீரிழிவு பாதித்த குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் மீட்சியும்: ஒரு பார்வை

புதுடெல்லி: நவம்பர் 14ஆம் தேதி நாடு முழுவதும் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங் பிறந்த நாளும் அதுவே என்பதால், உலக நீரிழிவு தினமும் அதே நாளில் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டு தினங்களும் ஒரே நாளில் அமைந்தது தற்செயலே. ஆயினும் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் இந்தியாவுக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 20 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் வகை நீரிழிவு உள்ளோர் மிக அதிகமாக வாழும் நாடு இந்தியா. அவர்களின் எண்ணிக்கை சுமார் 2.29 லட்சம். இவர்களுக்கு இன்சுலின் கிடைக்கிறதா என்பது பல காலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. கிடைக்கும் இன்சுலின் அவர்கள் வளர்வதற்குப் போதுமானதாக உள்ளதா என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது.

முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்கள் உடலின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலத்தாலேயே அழிக்கப்படுகின்றன. வாழ்நாள் முழுவதும் ஊசி வழியாக இன்சுலின் செலுத்துவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. செலுத்தும் அளவு அறவே இல்லாமற்போனால் குழந்தை சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலையை அடையும். ஆனால் ஓரளவு இன்சுலின் கிடைத்து, அது தேவையைவிடக் குறைவாக இருந்தால், ஆபத்து அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. குழந்தை பள்ளிக்குச் செல்லும், விளையாடும், பசியோடு உண்ணும். உயரம் மட்டும் கூடாது.

1930இல் பதிவான அடையாளம்

இந்த நிலை மருத்துவ உலகுக்குப் புதிதன்று. 1922ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முறையாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் உயிரிழந்தனர். இன்சுலின் வந்த பிறகு அவர்கள் உயிர் பிழைத்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் வேறொரு காட்சியைக் காணத் தொடங்கினர்.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரைச் சேர்ந்த மருத்துவர் பியர் மோரியாக், 1930ஆம் ஆண்டு அக்காட்சியை விவரித்தார். வயதுக்குரிய உயரம் இல்லை, வயிறு முன்தள்ளியிருக்கிறது, கல்லீரல் பெருத்திருக்கிறது, முகம் உருண்டு காணப்படுகிறது, பருவமடைதல் தள்ளிப்போகிறது. இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்த நிலை இன்றும் அவர் பெயராலேயே 'மோரியாக் நோய்த்தொகுதி' என்று அழைக்கப்படுகிறது. அக்குழந்தைகளுக்குக் கிடைத்த இன்சுலின் உயிர் வாழப் போதுமானதாக இருந்தது. வளர்வதற்குப் போதுமானதாக இல்லை.

இந்த முழு வடிவம் இப்போது அரிதாகிவிட்டது. எனினும், அதன் மென்மையான வடிவம், அதாவது கல்லீரல் வீக்கமோ முக மாற்றமோ இன்றி வளர்ச்சி வேகம் மட்டும் குறைந்து காணப்படும் நிலை, நோய்க் கட்டுப்பாடு தளர்ந்துள்ள குழந்தைகளிடம் இன்றும் காணப்படுகிறது. நோயின் பிற விளைவுகளைப் போலன்றி இதற்கு வலி இல்லை என்பதால் கவனத்திற்கு வர ஆண்டுகள் ஆகின்றன.

சர்க்கரைக்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு?

வளர்ச்சி தடைப்படுவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உள்ளன. முதலாவது, உண்ட உணவு உடலில் தங்காமல் வெளியேறுவது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்ற அளவைக் கடந்தால், சிறுநீரகத்தால் அதனைத் தடுத்து நிறுத்த இயலாது. சர்க்கரை சிறுநீரில் கலந்து வெளியேறும். நாளொன்றுக்கு 3 லிட்டர் சிறுநீர் கழிக்கும் குழந்தையின் சிறுநீரில் 3 விழுக்காடு சர்க்கரை இருப்பதாகக் கொண்டால், 90 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 360 கலோரி, அன்றாடம் வீணாகிறது. 1,600 கலோரி உண்ணும் குழந்தைக்கு இது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை என்று பெற்றோர் வருந்துவதன் பொருள் இதுவே.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. உடலின் உயரத்தைக் கூட்டுவது வளர்ச்சி ஹார்மோன் என்பது பொதுவாக அறியப்பட்டதே. ஆனால் அந்த ஹார்மோன் பெரும்பகுதி வேலையை நேரடியாகச் செய்வதில்லை. அது கல்லீரலை அடைந்து, அங்கு 'ஐஜிஎஃப்-1' எனப்படும் மற்றொரு பொருளைச் சுரக்கச் செய்கிறது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளைத் தூண்டுவதில் இப்பொருளுக்கு முக்கியப் பங்குண்டு. வளர்ச்சி ஹார்மோனின் கட்டளையைக் கல்லீரல் ஏற்க வேண்டுமெனில் அங்கு போதிய இன்சுலின் இருக்க வேண்டும். உடல்நலமுள்ள குழந்தையின் கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. தோலுக்கு அடியில் செலுத்தப்படும் இன்சுலினோ உடல் முழுவதும் சுற்றிய பின்னரே அங்கு சென்றடைகிறது. ஊசியின் அளவும் குறைவாக இருந்தால் கல்லீரலுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

விளைவாக, வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் மிகுதியாக இருந்தும் ஐஜிஎஃப்-1 குறைந்துவிடுகிறது. மிகுந்துள்ள வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராகச் செயல்பட்டு, சர்க்கரையை மேலும் உயர்த்துகிறது. இவ்வாறு ஒரு சுழல் உருவாகிறது. இத்தகைய குழந்தைக்குக் குறைவாக இருப்பது இன்சுலினே. வளர்ச்சி ஹார்மோன் ஊசி இதற்குத் தீர்வாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

இச்சிக்கல் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு சரிசெய்யப்படுகிறது என்பதை விளக்க, சிகிச்சையில் பொதுவாகக் காணப்படும் கூறுகளைக் கொண்டு அமைந்த ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். வட இந்தியக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சிறுவனுக்கு 6 வயதில் முதல் வகை நீரிழிவு கண்டறியப்படுகிறது. அப்போது அவனது உயரம் 114 சென்டிமீட்டர்; இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடத்தின் நடுக்கோட்டை ஒட்டிய அளவு. காலையிலும் இரவிலுமாக இரு வேளை கலப்பு இன்சுலின் பரிந்துரைக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 11 வயதில் அவனது உயரம் 128 சென்டிமீட்டர், எடை 24 கிலோ.

வளர்ந்துதானே இருக்கிறான் என்று தோன்றலாம். ஆனால் பருவமடைவதற்கு முந்தைய வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை வளர வேண்டும். ஐந்து ஆண்டுகளில் 25 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்க வேண்டிய இடத்தில் கூடியது 14 மட்டுமே. வரைபடத்தின் நடுக்கோட்டில் இருந்தவன் அடிக்கோட்டுக்கு அருகே இறங்கியுள்ளான். தந்தையின் உயரம் 168, தாயின் உயரம் 154 சென்டிமீட்டர் என்பதால், குடும்பமே குட்டை என்று கூறவும் வழியில்லை. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் முடிவு 12.5 விழுக்காடு. நாள் முழுவதும் சராசரியாக 300 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது என்பதே இதன் பொருள்.

அவன் செலுத்திக்கொள்ளும் இன்சுலின் காலையில் 8 யூனிட், இரவில் 6 யூனிட். மொத்தம் 14 யூனிட் என்பது கிலோவுக்கு 0.6 யூனிட்டுக்கும் குறைவு. நோய் கண்டு ஆண்டுகள் கடந்த, பருவமடையாத குழந்தைக்குப் பொதுவாக கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை தேவைப்படும். எடை கூடியபோது ஊசியின் அளவு கூட்டப்படவில்லை. எளிதில் எட்டுகிறது என்பதால் தொடையின் ஒரே பகுதியில் நாள்தோறும் ஊசி போடப்பட்டதால், அங்கு தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகியுள்ளது. அவ்விடத்தில் செலுத்தப்படும் இன்சுலின் ஒழுங்காக உடலில் சேர்வதில்லை. ஆகவே செலுத்தப்பட்ட 14 யூனிட்டும் முழுமையாகப் பயன்படவில்லை.

சிகிச்சை மாற்றப்படுகிறது. மூன்று வேளை உணவுக்கு முன்பும் குறுகிய நேரம் செயல்படும் இன்சுலின், இரவில் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் என நாளுக்கு நான்கு ஊசிகள். தடித்த பகுதியைத் தவிர்த்து, வயிறு, தொடை, புட்டம் என இடம் மாற்றி ஊசி போடக் கற்றுத்தரப்படுகிறது. மொத்த அளவு ஒரே நாளில் உயர்த்தப்படாமல், மூன்று மாதங்களில் படிப்படியாக 24 யூனிட்டை எட்டுகிறது. எச்பிஏ1சி அளவு மூன்று மாதங்களில் 10.5 ஆகவும், ஓராண்டில் 8.4 ஆகவும் குறைகிறது. பெருத்திருந்த கல்லீரல் சில வாரங்களிலேயே சுருங்கத் தொடங்குகிறது. முதலில் எடை கூடுகிறது; உயரம் அதன் பின்னரே தொடர்கிறது. முதலாம் ஆண்டில் 7 சென்டிமீட்டரும் இரண்டாம் ஆண்டில் 8 சென்டிமீட்டரும் கூடி, 13 வயதில் 143 சென்டிமீட்டரை எட்டுகிறான். நடுக்கோட்டுக்கு இன்னும் கீழேதான். ஆயினும் இறங்கிக்கொண்டிருந்த கோடு மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

இதற்கு இடமளித்தது எலும்பு வயது. 11 வயதில் எடுக்கப்பட்ட மணிக்கட்டு எக்ஸ்ரே படத்தில் அவனது எலும்புகள் எட்டரை வயதுக்குரிய முதிர்ச்சியையே காட்டின. வளர்ச்சி தடைப்பட்டபோது எலும்பு முதிர்ச்சியும் தாமதமானதால், இழந்ததில் ஒரு பகுதியை ஈட்டுவதற்கான காலம் எஞ்சியிருந்தது.

அவசரம் கூடாது

குறைவு இன்சுலின்தான் என்றால் அதனை உடனடியாக முழு அளவுக்கு உயர்த்திவிடலாமே என்ற கேள்வி எழும். இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பல ஆண்டுகள் உயர் சர்க்கரைக்குப் பழகிய உடலில் சர்க்கரையைச் சில வாரங்களில் வேகமாகக் குறைத்தால், விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாகத் தீவிரமடையக்கூடும் என்பது நன்கு அறியப்பட்ட ஒன்று. மோரியாக் நோய்த்தொகுதி உள்ள சிறார்களிடம் சிறுநீரகப் பாதிப்பும் இவ்வாறு வெளிப்பட்டுள்ளது. கால்களில் கடும் எரிச்சலும் வலியும் தோன்றும் நரம்புப் பாதிப்பும், உடலில் நீர் தேங்கி வீங்குவதும் உண்டு. எனவே சிகிச்சையை மாற்றும் முன்னர் விழித்திரையைப் பரிசோதிப்பதும், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா எனப் பார்ப்பதும், அளவை மாதக் கணக்கில் உயர்த்துவதும் முறையான வழியாகும்.

அதே வேளையில், இந்த எச்சரிக்கை கட்டுப்பாட்டையே தள்ளிப்போடுவதற்கான காரணமாகிவிடக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993இல் முடிவுகள் வெளியான விரிவான ஆய்வில், எச்பிஏ1சி அளவை 7 விழுக்காட்டை ஒட்டி வைத்திருந்தோருக்கு, 9 விழுக்காட்டை ஒட்டி இருந்தோரைவிட விழித்திரைப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. தொடக்கத்தில் சிலருக்குக் கண் பாதிப்பு சற்றுக் கூடியபோதிலும், நீண்ட காலத்தில் பயனே மேலோங்கியது.

எல்லாக் குறைவுக்கும் இன்சுலின் காரணமன்று

இன்சுலின் அளவு சரிசெய்யப்பட்டு, எச்பிஏ1சி குறைந்த பின்னரும் ஓராண்டு வரை உயரம் கூடவில்லையெனில் வேறு காரணம் தேடப்பட வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு, அதே நோய் எதிர்ப்புக் கோளாற்றின் பகுதியாக வேறு இரு நோய்கள் வரும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். ஒன்று தைராய்டு சுரப்புக் குறைவு. மற்றொன்று, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய். கோதுமையே அன்றாட உணவாக உள்ள பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இரண்டாவதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டியுள்ளது. இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் முதற்கட்டமாக அறியலாம். சீலியாக் நோய் உள்ள குழந்தைக்குக் காரணமின்றி அடிக்கடி சர்க்கரை தாழ்வதும் ஓர் அறிகுறியாகும்.

இன்சுலின் உண்டு, அளக்கும் பட்டை இல்லை

மருத்துவ அறிவியல் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, குறைந்த அளவே தொடர்வது ஏன்? மருத்துவர், பெற்றோர் ஆகிய இரு தரப்பும் அஞ்சுவது ஒன்றே: சர்க்கரை தாழ்வது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, மயக்கம் ஏற்படும். கவனிக்காவிட்டால் வலிப்பும் வரலாம். இரவில் குழந்தை மயங்கிக் கிடந்ததை ஒருமுறை கண்ட தாய், அடுத்த நாள் முதல் இரண்டு யூனிட் குறைத்தே போடுவார். இந்த அச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. சர்க்கரை எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளது என்பது தெரிந்தால்தான் அளவை உயர்த்தும் துணிவு வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் வகை நீரிழிவுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டது. அதே ஆண்டில், நீண்ட நேரம் செயல்படும் கிளார்ஜின் இன்சுலின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல மாநிலங்களில் அரசு மருத்துவமனைகள் இன்சுலினை இலவசமாக வழங்குகின்றன. ஆனால் வீட்டில் சர்க்கரையை அளக்கும் பரிசோதனைப் பட்டைகள் பெரும்பாலும் குடும்பத்தின் செலவாகவே உள்ளன. ஒரு பட்டை 20 ரூபாய் எனக் கொண்டு நாளுக்கு நான்கு முறை அளந்தால், மாதம் 2,400 ரூபாய் ஆகும். தினக்கூலிக் குடும்பம் முதலில் கைவிடுவது இதனைத்தான். அளக்காத வீட்டில் அளவு கூடுவதில்லை. அளவு கூடாத குழந்தையின் உயரமும் கூடுவதில்லை.

மற்றொரு தடை பள்ளி. நாளுக்கு நான்கு ஊசி என்றால், அதில் ஒன்று மதிய உணவுக்கு முன்னர் போடப்பட வேண்டும். அதற்குப் பள்ளியில் இடமும் அனுமதியும் இல்லாததால்தான் பல குழந்தைகள் இரு வேளைக் கலப்பு ஊசியிலேயே நிறுத்தி வைக்கப்படுகின்றனர். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் மருத்துவர் அறிவுரைப்படி வகுப்பு நேரத்தில் சர்க்கரையை அளக்கவும், இன்சுலின் செலுத்தவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்கப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியது. இது எந்த அளவுக்கு ஒவ்வொரு பள்ளியின் வகுப்பறையையும் சென்றடைகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

ஊசிக்குழலிலும் கவனம் தேவை. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்ற செறிவில் விற்கப்படுகின்றன. அவற்றுக்குச் சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு பயன்படுத்தப்படுகிறது. 100 யூனிட் செறிவுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இதே மருந்தை எடுத்தால், 10 யூனிட் என்று கோட்டில் தெரிந்தாலும் உடலில் சேர்வது 4 யூனிட் மட்டுமே. காரணம் தெரியாமல் சர்க்கரை உயர்ந்துள்ள குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. மாறாக, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுவரில் ஒரு கோடு

இவை அனைத்தையும் முன்கூட்டியே காட்டக்கூடிய கருவி விலையுயர்ந்தது அன்று. மருத்துவமனையில் ஓர் உயர அளவுகோல், வீட்டில் சுவரில் ஒரு கோடு. காலணியின்றிக் குதிகாலும் முதுகும் சுவரில் படுமாறு நிற்கவைத்து, தலையின் மீது கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கிடையாக வைத்துக் குறியிட்டால் போதும். ஒரு மாத இடைவெளியில் அளப்பதில் பொருளில்லை. அளவீட்டுப் பிழையே வளர்ச்சியை மறைத்துவிடும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாகக் கூடியிருந்தால், அந்தக் குழந்தையின் இன்சுலின் அளவும் ஊசி போடும் முறையும் மறுபரிசீலனைக்கு உரியவை. குறிப்பேட்டில் எழுதப்படும் சர்க்கரை அளவுகள், ஏட்டில் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்தில் சில நேரம் திருத்தப்படுவதுண்டு. சுவரில் உள்ள கோட்டை அவ்வாறு திருத்த இயலாது.

இதற்குக் காலவரம்பு உண்டு என்பதே இச்சிக்கலின் கடுமை. பருவ வயதில் தேவைப்படும் இன்சுலின் கிலோவுக்கு 1.2 யூனிட்டுக்கு மேலும் உயரும். அதுவே வளர்ச்சி மிக வேகமாக நிகழும் காலமும் ஆகும். மாதவிடாய் தொடங்கிய பின்னர் பெண் குழந்தைக்குப் பொதுவாக மேலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரையே உயரம் கூடும். எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால், அதன்பின் எவ்வளவு சிறப்பான கட்டுப்பாடும் கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்குமே தவிர, உயரத்தை மீட்டுத் தராது. 9 வயதில் கவனிக்கப்படும் குழந்தை இழந்ததில் பெரும்பகுதியை ஈட்டலாம். 13 வயதில் ஒரு பகுதியை ஈட்டலாம். 17 வயதில் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும்.

1922இல் எழுந்த கேள்வி இக்குழந்தைகள் உயிர் பிழைப்பார்களா என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டது. இன்சுலின் குப்பியோடு பரிசோதனைப் பட்டைகளும், பள்ளியில் மதிய ஊசிக்கான இடமும், ஒவ்வொரு மருத்துவ வருகையிலும் உயரத்தைக் குறிக்கும் வழக்கமும் சேர்ந்து கிடைத்தால், எஞ்சியுள்ள கேள்விக்கும் விடை கிடைக்கும்.